லியூசின் அளவைப் பார்த்துப் புரோட்டீன் பவுடர் வாங்குகிறேன்

காரைக்குடியில் நான் பயிற்சிக்குப் போகும் ஜிம்மில் புரோட்டீன் பவுடரைச் சோதிக்க எல்லோரும் ஒரே வழியைத்தான் சொல்வார்கள். தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைய வேண்டும், ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலமாகக் கூடாது. அயோடின் மாவுச்சத்தைக் காட்டிக்கொடுக்கும், உண்மைதான். ஆனால் விலையைக் குறைக்கச் சேர்க்கப்படுவது எப்போதும் மாவு இல்லை. கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களும் சேர்க்கப்படுகின்றன. அவை தண்ணீரில் அழகாகக் கரையும், அயோடினுக்கும் அசையாது.

இதைவிடப் பெரிய சிக்கல், ஆய்வகத்தின் சாதாரணச் சோதனையிலும் அவை தப்பித்துவிடும் என்பது. ஆய்வகம் புரதத்தை நேரடியாக எடை போடுவதில்லை. கெல்டால் முறையில் பவுடரிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிப் ‘புரதம்’ என்று அறிக்கையில் எழுதுகிறது. நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. ஒரு கிராம் கிளைசின் சேர்த்தால் அறிக்கையில் 1.17 கிராம் புரதம் ஏறும். புரதத்தின் கட்டமைப்பில் இடமே இல்லாத டாரினுக்குக்கூட கிராமுக்கு 0.7 கிராம் கிடைத்துவிடும்.

எங்கள் ஜிம்மில் பலர் வாங்கிய ஒரு பவுடரில் இதை நேரில் பார்த்தேன். லேபிளில் 33 கிராம் ஸ்கூப்புக்கு 24 கிராம் புரதம் என்றிருந்தது. சேர்மானப் பட்டியலில், பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீனுக்கு அடுத்தபடியாகவே கிளைசினும் டாரினும் நின்றன. “அமினோ அதிகம் தம்பி, அதனால்தான் விலையும் குறைவு, பலனும் அதிகம்” என்றார் மாஸ்டர். நல்ல மனத்தோடுதான் சொன்னார். அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான். நண்பர்கள் சேர்ந்து பணம் போட்டு, சீல் உடைக்காத டப்பா ஒன்றைச் சென்னையில் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

புரதம் 100 கிராமுக்கு 71 கிராம் என்று வந்தது. ஸ்கூப்புக்கு 23.4 கிராம். லேபிளோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. அதோடு நிறுத்தியிருந்தால் பவுடருக்கு நற்சான்று கிடைத்திருக்கும். ஆனால் அமினோ அமிலச் சோதனையும், புரதத்தோடு இணையாமல் தனியாகக் கிடக்கும் அமினோ அமிலங்களின் சோதனையும் கூடவே கேட்டிருந்தோம். 100 கிராமில் லியூசின் என்ற அமினோ அமிலம் 5.1 கிராம்தான். வே புரதத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் லியூசின் இருக்கும். அப்படியானால் 71 கிராம் புரதத்தில் 7 கிராமுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். 5.1 கிராமிலிருந்து திருப்பிக் கணக்கிட்டால் உண்மையான வே புரதம் 49 கிராம் அளவில் நிற்கிறது. ஸ்கூப்புக்கு 16 கிராம். மீதி எங்கே என்பதை இரண்டாவது சோதனை காட்டியது: தனிக் கிளைசின் 12 கிராம், டாரின் 11 கிராம். அவற்றின் நைட்ரஜன் கணக்கைக் கூட்டினால் விடுபட்ட 22 கிராம் ‘புரதம்’ கச்சிதமாக வந்து சேருகிறது.

அன்றிலிருந்து நான் கேட்பது இரண்டே: இந்த பேட்ச் எண்ணுக்கான அமினோ அமில அறிக்கை, அதில் லியூசின் எவ்வளவு. இப்போது பயன்படுத்தும் பவுடரில் புரதம் 78 கிராம், லியூசின் 8 கிராமுக்குக் கொஞ்சம் மேல். பேட்ச் மாறினாலும் அந்த விகிதம் பிசகவில்லை. அறிக்கையில் பேட்ச் எண் இல்லாவிட்டாலோ, டப்பாவில் இருப்பதோடு பொருந்தாவிட்டாலோ நான் அதை ஏற்பதில்லை. ஆய்வக அறிக்கை என்பது சோதித்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். நிறுவனம் தேர்ந்தெடுத்து அனுப்பிய மாதிரி என்றால் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும்.

டப்பாவில் உள்ள முத்திரைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண், நிறுவனத்துக்கு உரிமம் உண்டு என்று மட்டும் சொல்கிறது. இந்தப் பவுடரைச் சோதித்தார்கள் என்று சொல்லவில்லை. ‘இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்’ முத்திரை விளையாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு பேட்சையும் சோதித்ததற்கானது. புரத அளவுக்கு அது சாட்சி இல்லை. ‘என்எஸ்எஃப் சர்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட்’ முத்திரைக்கு லேபிளில் சொன்ன அளவும் சரிபார்க்கப்படுகிறது. பல்கலைக்கழக அணியில் கபடி ஆடும் என் தம்பிக்கு ஊக்கமருந்துச் சோதனை எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதனால் அவனுக்கு வாங்கும்போது தடைப்பொருள் முத்திரையை முதலில் பார்த்து, டப்பாவின் பேட்ச் எண்ணை முத்திரை வழங்கியவர்களின் இணையதளத்தில் தேடி, அங்கே இருந்தால்தான் பணம் கொடுக்கிறேன். லியூசின் கணக்கு அதற்குப் பிறகு.