குட்டைப் பல்ஸ், நெட்டைப் பல்ஸ், சிர்ப்: மூன்றில் எது?

ஒத்தக்கடை யானைமலைப் பாறைக்கு 100 மீட்டர் முன்னால் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். எதிரொலி தனியாக, தெளிவாகக் கேட்கும். அதே இடத்தில் ஒரு நொடி நீளத்துக்கு ‘ஓ’வென்று கத்தினால், நாம் கத்தி முடிப்பதற்குள்ளேயே எதிரொலி திரும்பி வந்து நம் குரலோடு கலந்துவிடும். ஆனால் தூரத்துப் பாறைவரை போய்த் திரும்புவது கத்தல்தான், கைதட்டல் இல்லை. பல்ஸ் ரேடாரின் இக்கட்டும் இதுதான்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். அந்தப் பாறை அருகே 1 கிலோவாட் உச்ச சக்தியுள்ள ஒரு ரேடார் இருக்கிறது. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, மேலூர் வானத்தில் இரண்டு பயிற்சி விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக 60 மீட்டர் இடைவெளியில் பறக்கின்றன. இரண்டும் தெரிய வேண்டும், இரண்டாகத் தெரிய வேண்டும்.

முதலில் 10 மைக்ரோநொடி நீளமுள்ள சாதாரண பல்ஸ். இதை வைத்து ரேடார் 30 கிலோமீட்டர் வரை பார்க்கிறது என்று கொள்வோம். மேலூர் எட்டிவிடும். ஆனால் ஒளியின் வேகம் c, பல்ஸின் நீளம் τ என்றால், பிரித்தறியும் தூரம் cτ/2, அதாவது 1500 மீட்டர். திரையில் இரண்டு விமானமும் சேர்ந்து ஒரே தடித்த புள்ளியாகத்தான் இருக்கும்.

சரி, பல்ஸை 0.1 மைக்ரோநொடியாகக் குறுக்குவோம். பிரித்தறியும் தூரம் 15 மீட்டர். இடைவெளிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் தூரச் சமன்பாடு வேறு கணக்கு சொல்கிறது:

```
R⁴ = (P·τ)·G²·λ²·σ / ((4π)³·k·T·L·SNR)
```

மற்ற எழுத்துகளை மாறாதவையாகக் கொள்வோம். பின்னத்தின் மேலே இருப்பது வெறும் சக்தி P இல்லை, P·τ என்ற ஆற்றல். அது 100 மடங்கு குறைந்தால் தூரம் நான்காம் மூலத்தில், அதாவது 3.16 மடங்கு குறையும். 30 கிலோமீட்டர் 9.5 ஆகிவிடும். மேலூர் போச்சு.

என் வகுப்பில் இந்த இடத்தில் எப்போதும் ஒரு கேள்வி வரும்: “சார், உச்ச சக்தி அதே 1 கிலோவாட்தானே, எதிரலையும் அதே உயரத்தில்தானே வரும், அப்புறம் ஏன் தூரம் குறையணும்?” நல்ல கேள்வி. எதிரலை அதே உயரம்தான், கூடியது இரைச்சல். 0.1 மைக்ரோநொடியில் ஏறி இறங்கும் அலைக்கு உள்ளே சுமார் 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அதிர்வெண்கள் வேண்டும். அவை இல்லாமல் அவ்வளவு கூர்மையான விளிம்பு உருவாகாது. ஆகவே ரிசீவர் ஃபில்டரையும் அந்த அகலத்துக்குத் திறக்க வேண்டும். நெட்டைப் பல்ஸுக்கு 100 கிலோஹெர்ட்ஸ் போதுமாக இருந்தது. கதவை 100 மடங்கு திறந்தால் இரைச்சலும் 100 மடங்கு நுழையும்.

திறக்காமல் விட்டால்? ஆசிலாஸ்கோப்பில் பார்க்கலாம். அனுப்பிய பல்ஸ் ஊசிபோல இருக்கும், ஃபில்டரைத் தாண்டி வருவது தட்டையாக, ஏறக்குறைய 10 மைக்ரோநொடி நீளத்துக்குப் பரந்து கிடக்கும். பிரித்தறிவு அங்கேயே தொலைந்துபோகும். மறுபக்கம், சாதாரண நெட்டைப் பல்ஸுக்கு ஃபில்டரை அகலமாகத் திறந்து வைத்தாலும் ஒன்றும் கிடைக்காது, இரைச்சல்தான் மிச்சம். அலைக்குள்ளேயே அந்த அகலம் இருக்க வேண்டும். அதனால்தான் அந்த அகலத்தை B என்று வைத்து, பிரித்தறியும் தூரம் ΔR = c/2B என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. cτ/2 என்பது சாதாரண பல்ஸுக்கு மட்டும் பொருந்தும் வடிவம்.

B-ஐ τ-விலிருந்து பிரிக்க வழி உண்டு. ஒரே சுருதியில் கத்தாமல், கீழிருந்து மேலே இழுத்துக் கூவுவதுபோல, 10 மைக்ரோநொடிக்குள் அதிர்வெண்ணை 10 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுவதுதான் சிர்ப். முன்னால் வந்த அதிர்வெண்ணை அதிகமாகவும் பின்னால் வந்ததைக் குறைவாகவும் தாமதப்படுத்தும் மேட்ச்டு ஃபில்டர், எல்லாவற்றையும் ஒரே கணத்தில் குவிக்கும். அகலக் கதவு வழியே வந்த 100 மடங்கு இரைச்சலை, 100 மடங்கு குவிப்பு ஈடுகட்டிவிடுகிறது. 30 கிலோமீட்டரும் கிடைக்கும், 15 மீட்டரும் கிடைக்கும். மேலூர் கணக்குக்கு என் தேர்வு இதுதான்.

இதற்கும் விலை இருக்கிறது. குவித்த புள்ளியின் இருபுறமும் சைட்லோப் என்னும் குட்டி மேடுகள் எழும். முதலாவது, முக்கியப் புள்ளியின் சக்தியில் சுமார் 20-இல் ஒரு பங்கு இருக்கும். பெரிய விமானத்தின் பக்கத்தில் சின்ன ட்ரோன் பறந்தால் அதற்குள் மறைந்துபோகலாம். முக்கியப் புள்ளி ஏறி இறங்கும்போது இருபுறமும் சமச்சீராக, அதே விகிதத்தில் கூடவே ஏறி இறங்கினால் அது சைட்லோப், இலக்கு அல்ல. ஹேமிங் சாளரம் போட்டால் மேடுகள் நன்றாக அடங்கும். பதிலுக்குப் புள்ளி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடிக்கும், 15 மீட்டர் 22 ஆகும். நம் 60 மீட்டருக்கு அது தாராளம்.

இன்னொன்று, அந்தக் கத்தல் கதை. 10 மைக்ரோநொடி அனுப்பிக்கொண்டிருக்கும்போது ரிசீவர் மூடியிருக்கும். ஆகவே முதல் 1500 மீட்டருக்கு, ஒத்தக்கடை வீட்டுக் கூரைகள் மேல் பறப்பதைச் சிர்ப்பால் பார்க்க முடியாது. குட்டைப் பல்ஸுக்கு அந்த இருட்டு 15 மீட்டரும், ஸ்விட்ச் மாறும் நேரமும்தான். கிட்டத்தில் அதற்கு ஆற்றலும் அதிகம் தேவைப்படாது. இரண்டும் வேண்டுமென்றால் சிர்ப் ஒன்று, குட்டை ஒன்று என்று மாற்றி மாற்றி அனுப்பி, கிட்டத்துப் படத்தைக் குட்டையிலிருந்தும் எட்டத்துப் படத்தைச் சிர்ப்பிலிருந்தும் எடுத்து ஒட்டிக்கொள்வார்கள்.