மைனஸ் 80 ஃப்ரீசர் அலாரம் அடித்தால்: காத்திருப்பதா, மாதிரிகளை மாற்றுவதா, உலர் பனிக்கட்டி வைப்பதா?

ஆய்வகப் பணியாளர்கள் அனைவருக்கும்,

இரவுப் பணியில் ஃப்ரீசர் அலாரம் அடித்தால் ஒருவர் கதவைத் திறந்து பெட்டிகளை வெளியே எடுக்கிறார், இன்னொருவர் அலாரத்தை நிறுத்திவிட்டுக் காலைவரை விட்டுவிடுகிறார். இரண்டுமே சில நேரம் சரி, சில நேரம் பெருந்தவறு. எது எப்போது சரி என்பதை ஒப்பிட்டுச் சொல்லத்தான் இந்த அறிவிப்பு. எதைச் செய்வதானாலும் முதலில் இரண்டு அளவீடுகள் தேவை. அலாரம் அடித்த நேரத்தையும் அப்போது திரையில் உள்ள வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். கதவைத் தொடாமல் 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

அந்த 15 நிமிடமும் வீண்போகாது. கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா, கதவு ரப்பரில் பனி படிந்து எங்காவது இடைவெளி விட்டிருக்கிறதா, மின் இணைப்பு இருக்கிறதா, கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்கிறதா, காற்று போகும் வடிகட்டியில் தூசி அப்பியிருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். அந்த நாளில் யாராவது புதிய பெட்டிகளை உள்ளே வைத்தார்களா என்று பதிவேட்டையும் புரட்டுங்கள். திரையில் தெரிவது பெரும்பாலும் சென்சாரைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைதான். கதவைச் சற்று நேரம் திறந்து வைத்தாலே அந்தக் காற்று சூடாகி அலாரம் அடித்துவிடும், குழாய்களுக்குள் இருக்கும் மாதிரி அப்போதும் குளிராகவே இருக்கும்.

ஓர் உதாரணம். ஃப்ரீசர் −80 டிகிரிக்கு வைக்கப்பட்டிருக்கிறது, அலாரம் −65 டிகிரியில் அடிக்கும்படி அமைத்திருக்கிறோம். இரவு 10:40க்கு அலாரம் அடிக்கும்போது திரையில் −64. 10:55க்கு −66 என்று இருந்தால் குளிர் திரும்பி வருகிறது. காத்திருக்கலாம், கதவைத் திறக்கவே கூடாது. திறந்தால் அறைக்காற்று உள்ளே புகுந்து, ஏறிய குளிர் முழுக்கப் போய்விடும். 10:55க்கு −61 என்றால் கதை வேறு. 15 நிமிடத்தில் 3 டிகிரி, அதாவது மணிக்கு 12 டிகிரி வீதம் ஏறுகிறது. நம் ஆய்வகத்தில் −50ஐ எல்லையாக வைத்திருக்கிறோம். இன்னும் 11 டிகிரிதான் மீதம், ஏறக்குறைய 55 நிமிடம். வெப்பநிலை ஏற ஏற அதன் வேகம் குறையலாம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். உடனே மாற்றத் தொடங்குங்கள்.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. 10:55க்கும் அதே −64. கம்ப்ரசர் ஓடுகிறது, ஆனால் வெப்பநிலையை இறக்க முடியவில்லை. தூசி அடைத்த வடிகட்டியும் சூடான அறையும் வழக்கமான காரணங்கள். வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அறையின் குளிரூட்டி ஓடுகிறதா என்று பாருங்கள், பழுது பார்ப்பவரை அழையுங்கள். மாற்று ஃப்ரீசரில் இடமிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்து வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவீடு எடுப்பதை நிறுத்த வேண்டாம். ஏறத் தொடங்கினால் இரண்டாவது நிலைக்கு வந்துவிடுகிறீர்கள்.

திரையில் −79 இருந்தது ஒரே நிமிடத்தில் −20 ஆகிவிட்டால் அதை நம்பாதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் அவ்வளவு வேகமாகச் சூடாகாது, சென்சார்தான் பழுதாகியிருக்கும். தனி வெப்பமானி வைத்திருக்கும் ஃப்ரீசராக இருந்தால் அதன் அளவோடு ஒப்பிடுங்கள்.

இனி மாற்றுவதற்கும் உலர் பனிக்கட்டிக்கும் உள்ள வேறுபாடு. என் கணிப்பில், காலி இடம் உள்ள மாற்று ஃப்ரீசர் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. மாற்றிய பிறகு மாதிரி பத்திரமாகிவிடும், பழுது பார்ப்பது இரண்டு நாள் இழுத்தாலும் பாதகமில்லை. ஆனால் ஆபத்து இருப்பது அந்தச் சில நிமிட இடமாற்றத்தில்தான். மேசைமேல் வைத்த சிறு குழாய் ஓரிரு நிமிடத்திலேயே −50ஐத் தாண்டிவிடும். அதனால் பெட்டி பெட்டியாகக் கையில் தூக்கிப்போகாமல், ரேக்கோடு எடுத்து உலர் பனிக்கட்டி போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்து நகர்த்துங்கள். ஒருவர் எடுக்க, இன்னொருவர் கதவைச் சாத்த, மூன்றாமவர் எழுத வேண்டும். எந்த ரேக் எந்த ஃப்ரீசரின் எந்தத் தட்டுக்குப் போயிற்று என்பதை அப்போதே எழுதாவிட்டால், கெடாத மாதிரியும் தொலைந்த மாதிரி ஆகிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உள்ளே திணிக்கவும் கூடாது. இந்த வகை ஃப்ரீசர் குளிர்ந்ததைக் குளிராக வைத்திருக்கச் செய்யப்பட்டது, சூடானதை வேகமாக உறையவைக்க அல்ல. −55க்கு ஏறிவிட்ட ரேக்குகளை மொத்தமாக வைத்தால் மாற்று ஃப்ரீசரின் அலாரமும் அடிக்கும். பகுதி பகுதியாக வையுங்கள், அதன் திரையும் கண்ணில் இருக்கட்டும்.

எதை முதலில்? உயிருள்ள செல்கள் இருக்கும் குழாய்களை முதலில். வெப்பநிலை ஏறும்போது சிறு பனிப்படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகிச் செல்களைக் கிழித்துவிடும், மறுபடி உறையவைத்தாலும் அது திரும்பாது. அடுத்து ஆர்என்ஏவும் திசு மாதிரிகளும், பிறகு பிளாஸ்மா. பிரித்தெடுத்துச் சுத்தமாக்கிய டிஎன்ஏ கடைசி. அது −20 டிகிரி ஃப்ரீசரிலும் பல நாள் பத்திரமாகவே இருக்கும். இடம் போதாதபோது அதை அங்கே வைத்துவிடலாம்.

உலர் பனிக்கட்டியின் பலம், அது −78.5 டிகிரியில் திரவமாகாமல் நேரடியாக வாயுவாகிறது என்பதுதான். மேல் தட்டுகளில் வைத்தால் குளிர்ந்த காற்று கீழே இறங்கும், மாற்று ஃப்ரீசர் இல்லாத இரவில் சில மணி நேரம் கிடைக்கும். ஆனால் அது குணப்படுத்தாது, நேரம்தான் வாங்கித்தரும். தீரத் தீர நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொரு முறை நிரப்பவும் கதவு திறக்கப்படும். மூடி சரியாக இறுகாத குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடு புகுந்தால், உருகும்போது கரைசலின் அமிலத்தன்மையும் கூடிவிடும்.

நான் தயங்குவதற்கு முக்கியக் காரணம் அறைக்காற்று. 10 கிலோ உலர் பனிக்கட்டி முழுதும் வாயுவானால் அறைவெப்பத்தில் 5 கன மீட்டருக்கும் அதிகமாகும். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள, சன்னல் சாத்திய ஓர் அறையில் அது காற்றில் ஏழில் ஒரு பங்கு. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும், உயிருக்கே ஆபத்து. அது மெதுவாகத்தான் ஆவியாகும் என்றாலும் அறையின் கதவைத் திறந்து வையுங்கள், காற்றோட்டத்தை ஓட விடுங்கள், தனியாக அந்த அறையில் நிற்காதீர்கள். தலைவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே வெளியே வாருங்கள். குளிர் தாங்கும் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம். காற்றுப்புகா மூடியுள்ள எந்தப் பாத்திரத்திலும் போட்டு மூடாதீர்கள், வெடித்துவிடும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அலாரத்தின் ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்தியவர் தன் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். வெப்பநிலை இறங்கிவிட்டதாக எண்ணிக் காத்திருக்கும் இரவுகளில், அடுத்த பணியாளர் வரும்வரை 30 நிமிடத்துக்கு ஒரு அளவீடு எழுதப்பட்டிருக்க வேண்டும்.