வீடியோ காலும் 4 ஜிபி டவுன்லோடும்: டிசிபி எங்கே, யுடிபி எங்கே?

இணையத்தில் தரவைப் பாக்கெட்டுகளாக அனுப்பும் இரண்டு நெறிமுறைகள் டிசிபியும் யுடிபியும். டிசிபி நம்பகமானது ஆனால் மெதுவானது, யுடிபி வேகமானது ஆனால் நம்ப முடியாதது. பாடக்குறிப்புகளில் வழக்கமாக இருக்கும் இந்த ஒற்றை வரியை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டின் பாக்கெட்டுகளும் ஒரே கேபிளில், ஒரே ரூட்டர்கள் வழியாக, ஒரே வேகத்தில்தான் போகின்றன. வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால்தான் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். அந்தச் சில நூறு மில்லிவிநாடிகளில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால் வீடியோ காலுக்கு எது, டவுன்லோடுக்கு எது என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் வீடியோ கால். வேறு கண்டத்தில் இருப்பவருடன் பேசுகிறோம், ஒரு பாக்கெட் போய்ப் பதில் திரும்ப 120 மில்லிவிநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு வழிப் பயணம் 60. ஒலியைச் சுருக்கி அனுப்பப் பெரும்பாலும் ஓபஸ் கோடெக்தான் பயன்படுகிறது. அது பேச்சை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கி, துண்டுக்கு ஒரு பாக்கெட் என்று அனுப்பும். பெறும் பக்கத்தில், வரவில் இருக்கும் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க, வந்ததை 60 மில்லிவிநாடி தேக்கி வைத்த பிறகே ஒலிக்க விடுகிறார்கள் என்று கொள்வோம். இதை ஜிட்டர் பஃபர் என்பார்கள்.

பூஜ்யமாவது மில்லிவிநாடியில் கிளம்பிய பாக்கெட் தொலைந்துவிட்டது. அது 60-இல் வந்துசேர்ந்து, 120-இல் ஒலித்திருக்க வேண்டியது.

இதே கால் டிசிபியில் நடந்தால்? அடுத்த பாக்கெட்டுகள் 80, 100, 120 ஆகிய நேரங்களில் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெறும் கணினி ‘எனக்கு இன்னும் அந்தப் பழையதுதான் வேண்டும்’ என்று, எதுவரை வந்தது எனச் சொல்லும் ஒரே ஏற்பை மறுபடி மறுபடி அனுப்புகிறது. இப்படி மூன்று இரட்டை ஏற்புகள் வந்தால்தான் வழக்கமான டிசிபி, பாக்கெட் தொலைந்தது என்று முடிவுக்கு வரும். மூன்றாவது ஏற்பு 120-இல் கிளம்பி 180-இல் அனுப்புநரை அடைகிறது. உடனே மறுபடி அனுப்பினாலும் அது வந்துசேர 240 ஆகிவிடும். அதற்குள் அடுத்த எட்டுப் பாக்கெட்டுகள் பத்திரமாக வந்து, இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் காத்திருக்கின்றன. ஆனால் வரிசை குலையாமல் கொடுப்பதாக டிசிபி வாக்குக் கொடுத்திருக்கிறதே, அதனால் அவற்றில் ஒன்றைக்கூட காலிங் ஆப்பின் கையில் தராது. ஆப் கெஞ்சிக் கேட்கவும் வழியில்லை.

கேட்பவருக்கு என்ன ஆகிறது? 120-இலிருந்து 240 வரை பேச்சே இல்லை. அப்புறம் எல்லாம் மொத்தமாக வந்து விழுகிறது. ஆப் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். அங்கிருந்து கால் முழுவதும் 120 மில்லிவிநாடி பின்தங்கியே ஓட விடலாம், அல்லது பேச்சை வேகமாக ஓட்டிப் பிடிக்கலாம். இது முதல் மறுஅனுப்பலே ஒழுங்காக வந்து சேர்ந்தால். அதுவும் தொலைந்தால் டைமர் தீரும்வரை காத்திருக்க நேரிடும். லினக்ஸில் அந்தக் காத்திருப்பு எப்படியும் 200 மில்லிவிநாடிக்குக் குறையாது, ஒவ்வொரு முறை தோற்கும்போதும் இரட்டிப்பாகும்.

யுடிபியில் இதே இழப்பு என்ன செய்கிறது? 80-இல் வந்த பாக்கெட் 80-இலேயே ஆப்பின் கைக்கு வந்துவிடுகிறது. நடுவில் ஒன்று விடுபட்டது ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருக்கும் ஆர்டிபி வரிசை எண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிடும். 120-இல் ஒலிக்க வேண்டிய 20 மில்லிவிநாடிக்கு முன்னே வந்த ஒலியை வைத்து ஒரு நிரப்பலைத் தயாரித்து ஓட்டிவிட்டு, 140-இல் அடுத்த துண்டுக்குப் போய்விடுகிறது. ஓபஸில் இன்னொரு வசதியும் உண்டு: ஒரு துண்டின் தரம் குறைந்த நகலை அடுத்த பாக்கெட்டிலேயே சேர்த்து அனுப்பச் சொல்லலாம். அப்படிச் செய்திருந்தால் நிரப்பல்கூட வேண்டாம், 80-இல் வந்ததிலிருந்தே தொலைந்ததை எடுத்துவிடலாம். கேட்பவர் பெரும்பாலும் கவனிக்கக்கூட மாட்டார்.

இந்த யோசனை புதிதல்ல. 1970களின் கடைசியில் டிசிபியும் ஐபியும் இன்னும் ஒரே நெறிமுறையாக இருந்தபோது, ஆர்பாநெட்டில் பாக்கெட் வழியே குரல் அனுப்பிக்கொண்டிருந்த டேனி கோஹன் போன்றவர்கள் இதைப் பிரித்தே ஆக வேண்டும் என்று வாதாடினார்கள். தாமதமாக வரும் குரல் துண்டு வராத துண்டுக்குச் சமம் என்பதுதான் அவர்களின் காரணம். பிரித்தார்கள். 1980 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 768-இல் யுடிபி வந்தது. மூன்றே பக்கம், எட்டு பைட் ஹெடர். அனுப்பும் போர்ட், பெறும் போர்ட், நீளம், செக்சம். அவ்வளவுதான்.

படத்தில் கணக்கு கொஞ்சம் மாறும். 720பி படம், 1.5 எம்பிபிஎஸ், நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் சராசரியாக ஆறு கிலோபைட், அதாவது ஐந்தாறு பாக்கெட். பின்னால் வரும் ஃபிரேம்கள் முன்னாலிருப்பதைச் சார்ந்தே உருவாகின்றன என்பதால் ஒரு பாக்கெட் போனால் படம் தொடர்ந்து கெட்டுக்கொண்டே இருக்கும். ஒலியைப் போல நிரப்பிவிட்டு நகர முடியாது. ஆகவே பிரவுசர் கால்களுக்கு அடித்தளமான வெப்ஆர்டிசி, யுடிபி மேலேயே, ‘இந்த எண் வரவில்லை’ என்று கேட்டு வாங்குகிறது. கேட்டும் பயனில்லை என்றால் எதையும் சாராத ஒரு முழு ஃபிரேமை அனுப்பச் சொல்கிறது. அது மற்ற ஃபிரேம்களைவிடப் பல மடங்கு பெரியது, அதனால் கடைசி வழியாகத்தான் கேட்பார்கள். யுடிபியில் மறுஅனுப்பலே கிடையாது என்று சொல்வது தவறு. மறுபடி கேட்பதா, விட்டுவிடுவதா என்ற முடிவு ஆப்பின் கையில் இருக்கிறது. படத்துக்காக இப்படிக் காத்திருக்கும் நேரத்திலும் ஒலி தடைபடாமல் போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே டிசிபி இணைப்பில் அனுப்பினால், தொலைந்த படத் துண்டுக்காகக் குரலும் சேர்ந்து நிற்கும். என்னைப் பொறுத்தவரை இது ஒன்றே போதும், வீடியோ காலுக்கு டிசிபி வேண்டாம் என்று சொல்ல.

ஆனாலும் கால்கள் டிசிபியில் ஓடுவது உண்டு. பல அலுவலக ஃபயர்வால்கள் யுடிபியை மொத்தமாக அடைத்து வைத்திருக்கும். அப்போது கால், நடுவில் நின்று பாக்கெட்டுகளைக் கடத்தும் டர்ன் சர்வர் ஒன்றின் வழியாக டிசிபி 443 போர்ட்டுக்கு இறங்கிவிடும். கால் நடப்பதே பெரிது என்ற நிலையில் அது சரிதான். அறிகுறி காதிலேயே தெரியும். யுடிபியில் இழப்பு வந்தால் குரல் கரகரக்கும், படம் கட்டம் கட்டமாகும், ஆனால் பேச்சு நிகழ்நேரத்தில் இருக்கும். டிசிபியில் எல்லாம் சுத்தமாக நின்று, பிறகு பேச்சு கடகடவென்று வேகமாக வந்து கொட்டும். உறுதிசெய்ய, குரோமில் கால் நடக்கும்போதே இன்னொரு டேபில் `chrome://webrtc-internals` திறந்து, உள்ளூர் கேண்டிடேட்டில் `relayProtocol` என்ன காட்டுகிறது என்று பார்க்கலாம். `tcp` அல்லது `tls` என்று இருந்தால், நெட்வொர்க் நிர்வாகியிடம் யுடிபி 3478-ஐத் திறக்கச் சொல்லுங்கள். டர்ன் சர்வர் வழக்கமாகக் கேட்கும் போர்ட் அது.

இனி டவுன்லோடு. 4 ஜிபி அளவுள்ள ஒரு லினக்ஸ் ஐஎஸ்ஓ கோப்பு. பாக்கெட்டுக்கு 1460 பைட் என்றால் சுமார் 27 லட்சம் பாக்கெட்டுகள். ஆயிரத்தில் ஒன்று தொலைந்தாலும் 2,700 ஓட்டைகள். ஒரே ஒரு ஓட்டை இருந்தாலும் செக்சம் பொருந்தாது. இங்கே 180 மில்லிவிநாடி தாமதம் யாருக்கும் பொருட்டல்ல, ஒரு பைட் விடுபடுவதுதான் விபரீதம். வீடியோ காலில் டிசிபியின் குறையாக இருந்த அதே பிடிவாதம் இங்கே நமக்கு வேலை செய்கிறது.

வெறும் யுடிபியில் இதைச் செய்யப் பார்த்தால் வரிசை எண், ஏற்பு, மறுஅனுப்பல் எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும். அதைக்கூட எழுதிவிடலாம். எந்த வேகத்தில் அனுப்புவது என்பதுதான் கடினமான பகுதி. பெறுபவரின் லைன் 50 எம்பிபிஎஸ், நாம் 100-இல் கொட்டினால் பாதி வழியிலேயே போய்விடும், அந்த லைனில் இருக்கும் மற்றவர்களும் திணறுவார்கள். டிசிபி, இழப்பையும் ஏற்புகள் வரும் வேகத்தையும் கவனித்துத் தானாக ஏறி இறங்குகிறது. பல ஆண்டுகள் தேய்த்துச் சரிசெய்த வேலை அது. நாமே எழுதி அதற்கு ஈடு கட்டுவது லேசில்லை.

ஆனால் டிசிபிக்கு இங்கே ஒரு உண்மையான வரம்பு உண்டு, அதை ஒப்பீடுகளில் பலரும் விட்டுவிடுகிறார்கள். இழப்பைக் கண்டதும் வேகத்தைப் பாதியாக்கும் பழைய ரீனோ வகை டிசிபிக்கு, 1997-இல் மேட் மாத்திஸும் உடன் எழுதியவர்களும் தந்த தோராயக் கணக்கு இது:

```
வேகம் ≈ 1.22 × MSS / (RTT × √p)
```

ஒரு பாக்கெட்டில் ஏறும் தரவின் அளவான `MSS` 1460 பைட், போய்த் திரும்பும் நேரமான `RTT` 0.12 நொடி, இழப்பு விகிதம் `p` 0.001. போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 3.75 எம்பிபிஎஸ். லைன் 50 எம்பிபிஎஸ் என்றாலும் இதுதான் கிடைக்கும். பத்தேமுக்கால் நிமிடத்தில் முடிய வேண்டிய 4 ஜிபி, இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். இதே இழப்பு 10 மில்லிவிநாடி தூரத்தில் இருக்கும் சர்வரிடம் நேர்ந்தால் வேகம் 45-ஐத் தொடும். அருகில் இருக்கும் மிரரைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். டவுன்லோடு மேனேஜர்கள் ஒரே கோப்புக்கு நாலைந்து இணைப்புகள் திறப்பதும் இதனால்தான், ஒன்று பாதியானாலும் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். லினக்ஸில் இயல்பாக வரும் கியூபிக் இதைவிட ஓரளவு தேவலை. கூகுள் 2016-இல் வெளியிட்ட பிபிஆர், இழப்பை மட்டும் பார்க்காமல் லைனின் கொள்ளளவையே அளந்து ஓட்டுவதால், வைஃபை மாதிரி அங்கங்கே சிதறி இழக்கும் இடங்களில் நன்றாக நிற்கிறது. அனுப்பும் சர்வர் உங்களுடையது என்றால், டவுன்லோடு நடக்கும்போது அதில் `ss -ti` கொடுத்துப் பாருங்கள், போய்த் திரும்பும் நேரமான `rtt`, ஏற்பு வராமலே அனுப்பக்கூடிய அளவான `cwnd`, மறுஅனுப்பல்களின் எண்ணிக்கையான `retrans` மூன்றும் தெரியும். `retrans` கூடிக்கொண்டே போய் `cwnd` குட்டையாகவே இருந்தால் இழப்புதான் தடை.

அப்படியானால் டவுன்லோடுக்கு யுடிபியே ஆகாதா? ஆகும், மேலே ஒரு முழு நெறிமுறையைக் கட்டினால். 2021-இல் ஆர்எஃப்சி 9000 ஆக வந்த குவிக் அதைத்தான் செய்கிறது: யுடிபி மேல் வரிசை, மறுஅனுப்பல், வேகக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. எச்டிடிபி/3 அதன்மேல் ஓடுகிறது. பல கோப்புகளை ஒரே இணைப்பில் எடுத்தால் ஒன்றின் இழப்பு இன்னொன்றை நிறுத்தாது. ஒரே பெரிய கோப்புக்கு அந்த ஆதாயம் இல்லை, எனவே ஐஎஸ்ஓ இறக்க டிசிபியை விட்டு மாற வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் நடந்தால் இன்னொரு சிக்கல் வரும். இழப்பு வரும்வரை டிசிபி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். சிதறல் இழப்பு இல்லாத லைனில், ரூட்டரின் வரிசை நிரம்பினால்தான் இழப்பு வரும். அந்த நிரம்பிய வரிசையின் கடைசியில்தான் உங்கள் காலின் பாக்கெட்டுகள் நிற்கும். ஒரு மெகாபைட் தேங்கியிருக்கிறது, லைன் 10 எம்பிபிஎஸ் என்றால் அதுவே 800 மில்லிவிநாடித் தாமதம், யுடிபி ஒன்றும் செய்ய முடியாது. டவுன்லோடு ஓடும்போது பிங் அடித்துப் பாருங்கள். 30 இருந்தது 500 ஆனால் இதுதான் காரணம். ரூட்டரில் எஃப்க்யூ கோடெல் போன்ற வரிசை மேலாண்மை இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் கால் முடியும்வரை டவுன்லோடை லைனின் கொள்ளளவுக்குக் கீழே பிடித்து வையுங்கள். 50 எம்பிபிஎஸ் லைனுக்கு நொடிக்கு 4 மெகாபைட் சரியாக இருக்கும். `-C -` விட்ட இடத்திலிருந்து தொடரும்:

```
curl -C - --limit-rate 4M -O "கோப்பின் முகவரி"
```