மீன் படத்தில் ஐஸின் நிறத்தைப் பாருங்கள்

ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்து மீனுக்குச் சொல்லிவைக்கும் தோட்டத்துக் குடும்பங்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

போன ஞாயிறு வீட்டுக்கு விருந்தினர்கள் வருவதாக இருந்தது. வழக்கமான வியாபாரி காலை ஆறு மணிக்கு ஒரு பாரையின் படத்தை அனுப்பினார். கண் மின்னியது, தூக்கிக் காட்டிய செவுள் செம்பருத்திப் பூப்போலச் சிவந்திருந்தது, தோல் பளபளத்தது. “இரவு பேலியகொடையில் ஏற்றியது” என்றும் எழுதியிருந்தார். இரண்டு கிலோவுக்கு உடனே பணம் அனுப்பினேன். பதினொரு மணிக்கு மீன் வந்தது. செவுளையும் குடலையும் எடுத்துச் சுத்தம் செய்துதான் கொடுத்தார்கள். அதை உதவி என்றே நினைத்தேன். கழுவும்போது சதை முள்ளை விட்டுக் கழன்றது. வயிற்றுப் பக்கம் விரல் பட்ட இடம் குழிந்தது, மேலெழும்பவில்லை. புளிபோட்டும் நாற்றம் போகவில்லை. குப்பையில்தான் கொட்டினோம்.

தொலைபேசியில் கேட்டபோது, “படத்தைப் பார்த்துத்தானே எடுத்தீர்கள்?” என்றார். பணம் திரும்பவில்லை.

பக்கத்து வீட்டு மாமி மன்னார் பேசாலையில் பிறந்து, மீனோடு வளர்ந்தவர். அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணையோ செவுளையோ அவர் முதலில் பார்க்கவில்லை. “மகள், ஐஸைப் பாருங்கள்” என்றார். மீனுக்குக் கீழே கிடந்த ஐஸ் இளஞ்சிவப்பாக இருந்தது! தட்டுக்கு மேலே சிவப்புக் கூடாரத் துணியோ சிவப்பு மின்குமிழோ இருந்திருக்க வேண்டும். ஐஸையே சிவப்பாக்கும் வெளிச்சம் பழுப்புச் செவுளையும் சிவப்பாக்கிவிடும். பிடித்த புதிதில் செவுள் இரத்தச் சிவப்பாக இருக்கும். நாள் போகப்போக அந்த இரத்தம் காற்றுப்பட்டுப் பழுப்பாகி, பிறகு சாம்பல் பூத்துவிடும். அந்த மாற்றத்தைத்தான் விளக்கு மறைத்திருந்தது. ஐஸ் வெள்ளையாகத் தெரியாத படத்தில் செவுளின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பிறகு கண்ணைப் பெரிதாக்கிக் காட்டினார். நான் தெளிவு என்று எண்ணியது கண்மணியின் மேல் விழுந்த விளக்கின் வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றிக் கண்மணி கறுப்பாக இல்லை, பால் கலந்த சாம்பலாக இருந்தது. ஆனால் கலங்கிய கண் மட்டும் மீனைக் குற்றவாளி ஆக்காது. ஐஸிலேயே அழுந்திக் கிடந்தால் நல்ல மீனின் கண்ணும் மங்கும். அதனால் மங்கலைவிட வடிவத்தைப் பார்க்க வேண்டுமாம். நல்ல மீனின் கண் வெளியே புடைத்து நிற்கும், பழைய மீனின் கண் உள்ளே அமுங்கியிருக்கும். நேர்ப்பக்கத்தில் எடுத்த படத்தில் புடைப்பு தெரியாது. தலைக்கு முன்னாலிருந்து சாய்த்து எடுத்த படம் வேண்டும்.

தோலின் பளபளப்பு இன்னும் எளிதாக ஏமாற்றும். ஒரு வாளித் தண்ணீர் போதும். தண்ணீரின் மினுக்கம் திட்டுத் திட்டாக வெள்ளையாய்த் தெரியும். புதிய பாரையின் உடம்பில் வெள்ளியும் பச்சையும் கலந்த சாயல் ஒரே சீராக ஓடும், மேலே இருக்கும் வழுவழுப்பும் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். என் படத்தில் வால் பக்கம் மஞ்சளாகக் கோழை திரண்டிருந்தது. காலையில் அதைப் பார்த்தும் பார்க்காமல் விட்டேன்.

இங்கே குளிர்தானே, மீன் கெடாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நுவரெலியாக் காற்று பதினைந்து பாகை இருந்தாலும் மீனுக்கு அது வெயில்தான். உருகும் ஐஸின் பூச்சியப் பாகைதான் அதைக் காக்கும்.

கெலவல்லாவையும் பலயாவையும் துண்டாகப் படம் பிடித்து அனுப்பினால் பார்க்கக் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை. அந்தச் சூரை இன மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு சேரும். அது படத்தில் தெரியாது, மணத்திலும் தெரியாமல் போகலாம், வேகவைத்தாலும் அழியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து தலை வலித்தால் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். அந்தத் துண்டுகளைப் படத்தை நம்பி நான் இனி வாங்க மாட்டேன்.

இந்தச் சனிக்கிழமை வேறொரு வியாபாரியிடம், பகல் வெளிச்சத்தில், ஐஸும் தூக்கிய செவுளும் ஒரே படத்தில் தெரிய அனுப்பச் சொன்னேன். கூடவே விரலால் அழுத்திக் காட்டும் சிறு காணொளியும் கேட்டேன். அனுப்பினார். ஐஸ் வெள்ளை, செவுள் வெளிறிய சிவப்பு, அழுத்திய இடம் மெல்ல நிமிர்ந்தது. “முந்தாநாள் மீன், பொரிக்க நல்லது, குழம்புக்கு வேண்டாம்” என்று அவரே எழுதியிருந்தார். ஒரு கிலோ வாங்கிப் பொரித்தோம்.