புதுச் சட்டியைப் பழக்க கஞ்சியா, எண்ணெயா?

புது மண்சட்டியைப் பழக்க ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள், ஆனால் சுற்றிச்சுற்றி அது கஞ்சியிலோ எண்ணெயிலோதான் வந்து நிற்கும். எதுவானாலும் முதல் வேலை ஒன்றுதான்: இரவு முழுக்கத் தண்ணீரில் முக்கி வைப்பது. குமிழி வந்துகொண்டே இருந்தால் சுவரில் இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம்.

கஞ்சி வழி மெதுவானது. வெளிப்பக்கத்தைத் துடைத்து, நிழலில் ஈரம் காயவிட்டு, முக்கால் பங்கு கெட்டியான கழுநீரோ கஞ்சியோ ஊற்றி, சிறு தீயில் அரைமணி நேரம் கொதிக்க விட வேண்டும். கழுநீரைச் சும்மா ஊற வைத்தால் போதாது, மாவுச்சத்து வெந்து கூழானால்தான் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். அடுப்பிலேயே ஆறவிட்டு மறுநாளும் இதையே செய்யுங்கள். அப்புறம் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்து அடியைத் தடவிப் பாருங்கள், ஈரம் கசிந்தால் இன்னொரு முறை.

எண்ணெய் வழியில் உள்ளே மெல்லிசாகத் தடவி வெயிலில் வைத்து, பிறகு சிறு தீயில் சூடேற்றுகிறார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் சட்டி முழுசாகக் காயாமல் தடவினால் எண்ணெய் உள்ளே இறங்காது, மேலேயே பிசுபிசுவென்று நின்று நாளடைவில் காறல் வாடை அடிக்கும். சோற்றுப் பானைக்கு இது வேண்டவே வேண்டாம், சோறு அந்த வாடையை அப்படியே இழுத்துக்கொள்ளும். குழம்புச் சட்டிக்குக் கஞ்சி முடிந்த பிறகு ஒரு பூச்சு கொடுத்தால் தாளிக்கும்போது அடிப்பிடிப்பது குறைகிறது, அவ்வளவுதான்.

விரிசல் விழுவதிலும் சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியும் வேறு வேறு. பானையில் தண்ணீரோடு சேர்ந்தே சூடு ஏறுவதால் அடிக்கும் விளிம்புக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் வராது, தீயை மட்டும் சின்னதில் தொடங்கினால் போதும். குழம்புச் சட்டிதான் வம்பு. என் முதல் சட்டியில் எண்ணெய் காய்ந்து, வெங்காயம் வதங்கி, வாசனையெல்லாம் சரியாக வந்த நேரத்தில் குளிர்ந்த புளிக்கரைசலைக் கவிழ்த்தேன். டப்பென்று ஒரு சத்தம், அடியில் முடி அளவுக்குக் கோடு, அடுப்பெல்லாம் புளித்தண்ணீர். எண்ணெயின் சூடு கொதிநீரைவிட ரொம்ப அதிகம், அதில் குளிர்ச்சி பட்டதும் உள்பக்கம் சட்டென்று சுருங்க, வெளிப்பக்கம் விரிந்தபடியே நிற்கிறது, மண்ணுக்கோ வளைந்து கொடுக்கத் தெரியாது. இப்போதெல்லாம் புளியை வெந்நீரில் கரைத்து, தீயைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுகிறேன். இறக்கியதும் ஈரமான மேடையில் வைக்காமல் பிரிமணையில் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

கழுவிய சட்டியை ஈரத்தோடு பெரிய தீயில் வைப்பதும் ஆபத்து, துளைகளில் இருக்கும் நீர் ஆவியாகி மண்ணைப் பெயர்க்கும். சந்தேகமாக இருந்தால் காய்ந்த சட்டியை விரலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி, தொப்பென்று கேட்டால் எங்கோ விரிந்திருக்கிறது, அதைச் செடி வைக்க எடுத்துக்கொள்ளுங்கள்.