சில்லர் பலவீனம் என்று சொல்லிப் புது சில்லர் விற்க வருகிறார்கள்: டிகப்ளரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

சென்னையில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஏசி பிளான்ட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்த நிறுவனம் எங்களிடம் தேவையில்லாத வேலைகளைச் செய்து பணம் வாங்கியது. கடைசியில் ஒரு புது சில்லரையும் தலையில் கட்டப் பார்த்தது. இதே மாதிரி பிளான்ட் வைத்திருப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்களிடம் ஏசிக்கான தண்ணீரைக் குளிர்விக்கும் 300 டன் சில்லர்கள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரைமரி பம்ப் உண்டு, அது மணிக்கு 165 கன மீட்டர் தண்ணீரை மாறாமல் தள்ளும். மாடிகளுக்கு அனுப்புவது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி போட்ட செகண்டரி பம்ப்புகள். இரண்டு சுற்றுக்கும் நடுவில், சப்ளை ஹெடரையும் ரிட்டர்ன் ஹெடரையும் இணைக்கிற வால்வு இல்லாத குட்டைக் குழாய்தான் டிகப்ளர். டிசைன்படி தண்ணீர் 7 டிகிரியில் போய் 12.5-இல் திரும்ப வேண்டும். அந்த 5.5 டிகிரி வித்தியாசம்தான் டெல்டா டி.

மேல் மாடிகளில் மதியம் ஆனால் புழுக்கம் என்று புகார் வர ஆரம்பித்தது. நிறுவனத்தின் சர்வீஸ் ஆள் வந்து, 'சில்லர் லீவிங் டெம்பரேச்சர் 8 டிகிரி, கெப்பாசிட்டி குறைந்துவிட்டது' என்று ரிப்போர்ட் எழுதினார். கண்டென்சருக்கு டீஸ்கேலிங் செய்தார்கள், கேஸ் டாப்-அப் செய்தார்கள், இரண்டுக்கும் தனித்தனி பில். புழுக்கம் போகவில்லை. மூன்றாவது சில்லரையும் நாள் முழுக்க ஓட்டச் சொன்னார்கள். அப்புறம் நான்காவது சில்லருக்குக் கொட்டேஷன் வந்தது.

எங்கள் ஆப்பரேட்டர்தான் முதலில் சந்தேகத்தைக் கிளப்பினார். "சார், சில்லர் பேனல்ல ஏழுதான் காட்டுது. இவங்க எட்டுன்னு எதை எழுதுறாங்க?" அவர் கேட்டது சரிதான். ரிப்போர்ட்டில் இருந்த 8 டிகிரி, டிகப்ளரைத் தாண்டி, மாடிக்குப் போகிற ஹெடரில் இருக்கும் தெர்மாமீட்டரில் எடுத்தது. அதை சில்லரின் லீவிங் டெம்பரேச்சர் என்று எழுதியிருந்தார்கள். சில்லரை விட்டு வெளியே வந்த தண்ணீர் 7 டிகிரி, மாடிக்குப் போகும் தண்ணீர் 8 டிகிரி. இந்த ஒரு டிகிரி எங்கே ஏறியது என்பதுதான் முழுக் கதையும்.

ஒரே தெர்மாமீட்டரை வைத்து நான்கு இடங்களில் பார்த்தோம். ஒன்றையே பயன்படுத்தினால் அதில் சின்னப் பிழை இருந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும், வித்தியாசம் கெடாது. இரண்டு சில்லர்கள் ஓடும்போது சில்லர் அவுட்லெட் 7, மாடி சப்ளை 8, மாடி ரிட்டர்ன் 10.7, சில்லர் இன்லெட் 10.7. செகண்டரி ஃப்ளோ மீட்டர் மணிக்கு 450 கன மீட்டர் காட்டியது. இரண்டு பிரைமரி பம்ப்புகள் தருவதோ 330 தான். மீதி 120 எங்கிருந்து வரும்? டிகப்ளர் வழியாகத் திரும்பிப் பாய்ந்து வரும் ரிட்டர்ன் தண்ணீர்தான் அது. 7 டிகிரியில் 330-உம் 10.7-இல் 120-உம் கலந்தால் 8 டிகிரி வருகிறது. கணக்கு அப்படியே பொருந்தியது.

மணிக்கு எத்தனை கன மீட்டர் என்பதை டெல்டா டியால் பெருக்கி 3.024-ஆல் வகுத்தால் எத்தனை டன் என்று தெரியும். மாடிப் பக்கம் 450-ஐ அங்குள்ள டெல்டா டி 2.7-ஆல் பெருக்கி வகுத்தால் 400 டன்னை ஒட்டி வருகிறது. சில்லர் பக்கம் 330-ஐ 3.7-ஆல் பெருக்கி வகுத்தாலும் அதே 400. ஆக, 600 டன் தரக்கூடிய இரண்டு சில்லர்கள் 400 டன்தான் தந்துகொண்டிருந்தன, மூன்றில் இரண்டு பங்கு. உண்மையிலேயே கெப்பாசிட்டி குறைந்த சில்லராக இருந்தால் கம்ப்ரெஸ்ஸர் முழு லோடில் ஓடியும் 7 டிகிரியைப் பிடிக்க முடியாமல் திணறும். எங்களுடையது முழு லோடு ஆம்பியருக்கு நன்றாகக் கீழேயே ஓடிக்கொண்டு 7-ஐப் பிடித்து வைத்திருந்தது. அதற்கு டீஸ்கேலிங் எதற்கு, கேஸ் எதற்கு?

இந்த நிலைமை தன்னைத்தானே மோசமாக்கிக்கொள்ளும். சப்ளை தண்ணீரின் சூடு ஏறினால், மாடியில் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் ஏஹெச்யுவின் வால்வு இன்னும் திறக்கும். திறந்தால் ஃப்ளோ கூடும், டிகப்ளரில் எதிர்த்துப் பாய்வதும் கூடும், சப்ளை இன்னும் சூடாகும். மூன்றாவது சில்லரைப் போட்டால் பிரைமரி 495 ஆகி எதிர்ப் பாய்ச்சல் நிற்கிறது, புகாரும் குறைகிறது. 'பார்த்தீர்களா, டன் போதவில்லை' என்று அதையே சாட்சியாகக் காட்டினார்கள். போதாமல் இருந்தது டன் இல்லை, பிரைமரி ஃப்ளோ. மூன்று சில்லர்களும் பாதி லோடுகூட இல்லாமல், மூன்று பிரைமரி பம்ப்புகளோடு, மூன்று கண்டென்சர் பம்ப்புகளோடு கரண்ட் தின்றுகொண்டிருந்தன.

சரி, மாடிப் பக்கம் டெல்டா டி 5.5-க்குப் பதில் 2.7 ஏன் வந்தது? காரணம் பிளான்ட் ரூமில் இல்லை, மாடிகளில் இருந்தது. புகார் வந்தபோதெல்லாம் சர்வீஸ் ஆட்கள் ஏஹெச்யுவின் சப்ளை ஏர் செட்பாயிண்டை 14-இலிருந்து 10 டிகிரிக்கு இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். 8 டிகிரித் தண்ணீரை வைத்து, ஏஹெச்யுவுக்குள் அந்தத் தண்ணீர் ஓடும் குழாய்ச் சுருளான காயில் 10 டிகிரிக் காற்றைத் தராது. எட்ட முடியாத செட்பாயிண்டைத் துரத்திக்கொண்டு வால்வு முழுக்கத் திறந்தே கிடந்தது. காயிலில் ஓர் அளவுக்கு மேல் தண்ணீரை விட்டால் குளிர்ச்சி கொஞ்சம்தான் கூடும். தண்ணீர் மட்டும் சூடாகாமலே திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது காரணம்தான் எனக்குக் கோபம் வரவைத்தது. செகண்டரி பம்ப் வி.எஃப்.டிகளை ஆட்டோவிலிருந்து எடுத்து, ஹேண்ட் மோடில், முழு வேகமான 50 ஹெர்ட்ஸில் ஓடவிட்டிருந்தார்கள். அதே நிறுவனம் மூன்று மாடிகளில் மாற்றிக்கொடுத்த வால்வு ஆக்சுவேட்டர்கள் பழையதைவிட விசை குறைந்தவை. பம்ப் முழு வேகத்தில் தள்ளும் அழுத்தத்தை எதிர்த்து அவற்றால் வால்வை மூட முடியவில்லை. இரவில் ஃபேனை நிறுத்தி, வால்வுக்கு மூடும் சிக்னல் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்துக் காயிலின் ரிட்டர்ன் குழாயைத் தொட்டுப் பார்த்தோம். சப்ளை குழாய் போலவே ஜில்லென்று இருந்தது. வேலையே செய்யாத ஏஹெச்யு வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கேன்டீன் ஏஹெச்யுவில் பழைய த்ரீ-வே வால்வு ஒன்றும் கிடந்தது. அதன் பைபாஸ், காயிலுக்கு வேண்டாத தண்ணீரைக் குளிர்ந்தபடியே திருப்பி அனுப்பும்.

இதையெல்லாம் வைத்துக் கேட்டபோது, டிகப்ளரில் செக் வால்வு போட்டுத் தருகிறோம் என்று இன்னொரு கொட்டேஷன் நீட்டினார்கள். அதைப் பரிந்துரைக்கும் நல்ல இன்ஜினியர்களும் உண்டு. எதிர்ப் பாய்ச்சல் நிற்கும், செகண்டரி பம்ப் சில்லர் வழியாகக் கூடுதல் தண்ணீரை இழுக்கும், சில்லரும் லோடாகும். ஆனால் மாடியில் டெல்டா டி அப்படியேதான் இருக்கும். பிரைமரி பக்கம் வால்வுகள் மூடிய நேரத்தில் செகண்டரி பம்ப் மட்டும் ஓடினால், தண்ணீருக்கு வழியில்லாமல் பம்ப் அடைபட்டுச் சுழலும். ஆக்சுவேட்டரைச் சரி செய்யாமல் இதைப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

வேறு ஆட்களை வைத்து ஆக்சுவேட்டர்களை மாற்றினோம், த்ரீ-வேயின் பைபாஸை அடைத்தோம், செட்பாயிண்டை 14-க்குக் கொண்டுவந்து வி.எஃப்.டிகளை ஆட்டோவில் போட்டோம். டெல்டா டி இப்போது 4.6. டிசைனான 5.5 இன்னும் வரவில்லை, சில காயில்களைக் கழுவ வேண்டியிருக்கிறது. அதே 400 டன்னுக்கு செகண்டரி ஃப்ளோ 265-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. பிரைமரியின் 330 அதற்குத் தாராளம், டிகப்ளரில் தண்ணீர் சரியான திசையில் போகிறது, மூன்றாவது சில்லர் ஸ்டான்ட்பையில் நிற்கிறது.

டீஸ்கேலிங், கேஸ் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. புது ஒப்பந்தத்தில், அந்த நான்கு வெப்பநிலைகளும் எந்த இடத்தில் எடுத்தது என்ற குறிப்போடு, கம்ப்ரெஸ்ஸர் ஆம்பியர், செகண்டரி ஃப்ளோ இரண்டும் இல்லாத சர்வீஸ் ரிப்போர்ட்டுக்குப் பில் பாஸ் ஆகாது என்று சேர்த்திருக்கிறோம்.