சயனோடைப் என்று சொல்லிச் சொட்டு நீலம் போட்டுக் கொடுத்தார்

நான்கு படம், பிரிண்ட்டோடு சேர்த்து 4,800 ரூபாய். அதில் 3,000 முன்பணம். போனது அதுதான், பெரிய தொகை இல்லை. ஆனால் போன விதம்தான் இன்னும் உறுத்துகிறது. இதே வேலையை யாரிடமாவது கொடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தங்கை புது வீட்டுக்குக் குடிபோகிறாள். ஊர் ஓட்டுவீட்டில் எடுத்த நான்கு பழைய டிஜிட்டல் படங்களைச் சயனோடைப் மாதிரி நீலத்தில் மாற்றி, 12×16 அங்குலத்தில் மாட்டிக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை அது. இரண்டு இரும்பு உப்புக் கரைசல்களைக் கலந்து காகிதத்தில் பூசி, மேலே நெகட்டிவ் வைத்து, வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் கருநீலமாக நிற்கும், படாத இடம் வெள்ளைக் காகிதமாகத் தெரியும். பழைய கட்டட வரைபடங்களின் நீலமும் இதே நீலம்தான். நான் அசலைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் அதே தோற்றம் வந்தால் போதும் என்றுதான் கேட்டேன். அதனால் "டிஜிட்டல்தானே, இதில் என்ன ஏமாற்று" என்று யாரும் கேட்க வேண்டாம். டிஜிட்டலிலும் செய்ததும் உண்டு, செய்யாததும் உண்டு.

ஆன்லைனில் மாதிரிப் படங்கள் போட்டிருந்த ஒரு தம்பியிடம் பேசினேன். "ஒரிஜினல் சயனோடைப்பை ஸ்கேன் பண்ணி, அதோட டோன் கர்வ் எடுத்து வெச்சிருக்கேன் அண்ணா. பேப்பர் டெக்ஸ்சர்கூட ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாதான் போடுவேன்" என்றார். விஷயம் தெரிந்தவர் போலப் பேசினார். பணத்தை அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாளில் நான்கு ஜேபெக் வந்தன. போனில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தன. லேப்டாப்பில் திறந்ததும் ஏதோ இடித்தது. வேட்டிக்குச் சொட்டு நீலம் அதிகமாகப் போட்டுவிட்டால் வருமே, அந்தச் சாயல். GIMP என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவையும் 0 முதல் 255 வரை காட்டும் கருவியை அங்கங்கே வைத்துப் பார்த்தேன். திண்ணை நிழலின் அடியில் 0, 0, 0. அப்பட்டமான கறுப்பு. மேகத்தில் 255, 255, 255. நடுத்தரச் சாம்பலாக இருக்க வேண்டிய சுவரில் மட்டும் நீலம், அதுவும் ஊதாவை ஒட்டிய நீலம்.

இது, ஒவ்வொரு நிறத்தின் அளவையும் கோடு வளைத்து மாற்றும் கர்வ் போட்டு வந்த நிறமே இல்லை. படத்தின் மேல் ஒரு நீல லேயரை வைத்து அதன் மோடை Color என்று மாற்றினால் இப்படித்தான் வரும். அந்த மோடு அடிப்படத்தின் வெளிச்ச அளவைத் தொடாது. கறுப்பு கறுப்பாகவே இருக்கும், வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், நடுவில் மட்டும் சாயம் ஏறும். பத்து வினாடி வேலை.

அசலில் கறுப்புக்கு இடமே கிடையாது. காகிதத்தில் இருப்பது ஒரே ஒரு நிறமி, பிரஷ்யன் நீலம். அது எவ்வளவு தடித்தாலும் கருநீலம்தான். இன்னொன்று, அது சிவப்பு ஒளியைத்தான் அதிகம் விழுங்கும், பச்சையை அதைவிடக் குறைவாக, நீலத்தை இன்னும் குறைவாக. அதனால் மெல்லிய பூச்சிலேயே சிவப்பு சட்டென்று சரிந்துவிடும், பச்சை மெதுவாக இறங்கும். இந்தப் பச்சைதான் பலர் கோட்டைவிடும் இடம். நீலம் என்றால் B மட்டும்தான் என்று நினைத்துப் பச்சையையும் சிவப்போடு சேர்த்து இறக்கிவிட்டால் ஊதாதான் வரும்.

அப்புறம் காகிதம். டெக்ஸ்சரை Overlay மோடில் வைத்திருக்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது. அந்த மோடில் அடிப்படம் முழு வெள்ளையாக இருக்கும் இடத்தில் மேலே எதை வைத்தாலும் வெள்ளையாகவே நிற்கும். ஆக, மேகத்தில் ஒரு நார்கூடத் தெரியவில்லை. நடுத்தரச் சுவரில் மட்டும் காகிதம் துருத்திக்கொண்டு நின்றது. அசலில் நேர் எதிர். நிறமி இல்லாத வெள்ளை இடத்தில்தான் காகிதம் வெட்டவெளிச்சமாகத் தெரியும். நார்களின் அளவும் தப்பு. ஒரு நார் 12 பிக்சல் அகலம். 300 டிபிஐயில் அச்சடித்தால் அது ஒரு மில்லிமீட்டர், சேமியா மாதிரி. எங்கிருந்தோ எடுத்த சின்ன டெக்ஸ்சரை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்.

இதுவரை கைத்திறன் போதாது என்று விட்டிருப்பேன். நான்கு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கோபம் வந்தது. முதல் படத்தின் வலது மேல் மூலையில் ஒரு முடி, கேள்விக்குறி மாதிரி வளைந்து. இரண்டாவதிலும் அதே இடத்தில் அதே முடி. மூன்றாவதிலும் நான்காவதிலும் இடது கீழ் மூலையில், தலைகீழாக. ஒரே டெக்ஸ்சரை இரண்டு படத்துக்கு அப்படியே போட்டுவிட்டு, மீதி இரண்டுக்கு 180 டிகிரி திருப்பிப் போட்டிருக்கிறார். ஓரத்தில் இருந்த தூரிகைத் தீற்றலும் அப்படியே, ஒரு சொட்டு ஒழுகியது உட்பட. தனித்தனிக் காகிதம் என்று சொன்னாரே, அதுதான் இது.

கேட்டேன். "சயனோடைப்னா அப்படித்தான் அண்ணா இருக்கும், உங்க ஸ்கிரீன்ல கலர் மாறித் தெரியுது" என்றார். ஸ்கிரீன் மாறினால் ஒரே முடி நான்கு படத்திலுமா வந்து உட்காரும்? லேயர்கள் தனித்தனியாக இருக்கும் ஃபைலைக் கேட்டேன். "அது எங்க சீக்ரெட்" என்று பதில் வந்தது. முடியைப் படம் எடுத்து வட்டம் போட்டு அனுப்பினேன். அதற்கு அப்புறம் பதில் இல்லை. நானும் மீதி 1,800ஐ அனுப்பவில்லை, அவரும் பிரிண்ட் அனுப்பவில்லை.

சரி, நாமே செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அப்பத்தா தென்னைக்கு முன்னால் நிற்கும் படத்தை எடுத்துக்கொண்டேன். அந்தத் தம்பி கொடுத்ததில் அப்பத்தாவின் சிவப்புச் சேலை பின்னால் இருந்த செடிகளோடு கலந்து, முகமும் கைகளும் மட்டும் மிதந்தன. காரணம் எளிது. சேலை ஏறக்குறைய 200, 30, 40. இலை 60, 110, 50. வெறுமனே வெளிச்ச அளவாக மாற்றினால் இரண்டுமே 80க்கும் 90க்கும் நடுவில் வந்து நிற்கின்றன. அதனால் முதலில் கறுப்பு வெள்ளை ஆக்கும்போதே பிரித்துவிட வேண்டும். Colors → Components → Mono Mixerஇல் சிவப்புக்கு 0.6, பச்சைக்கு 0.3, நீலத்துக்கு 0.1 கொடுத்தேன். சேலை நன்றாக வெளிறியது, இலை இருண்டது. அப்பத்தா செடியிலிருந்து வெளியே வந்தார். (சிவப்பு கறுத்துப்போவதுதான் பழைய காலத்து அசல் என்று சிலர் சொல்வார்கள். அது அந்தக் கால நெகட்டிவின் குணம், நீலக் காகிதத்தின் குணம் இல்லை. இன்றைக்கு டிஜிட்டல் நெகட்டிவ் வைத்து அசல் சயனோடைப் போடுகிறவர்களும் இந்தக் கலவையைத் தங்கள் விருப்பப்படிதான் வைக்கிறார்கள்.)

அடுத்தது ஓரம். இங்கே அந்தத் தம்பியும் தவறினார், நானும் முதல் தடவை தவறினேன். தூரிகைத் தீற்றல் வடிவத்துக்குள் படத்தை வெட்டி வைப்பதுதான் எல்லாரும் செய்வது. ஆனால் அசலில் கரைசல் பூசிய பரப்பு நெகட்டிவைவிடப் பெரியதாக இருக்கும். நெகட்டிவுக்கு வெளியே பூசிய இடத்தில் வெயில் தடையில்லாமல் விழும், அதனால் படத்தைச் சுற்றி ஒழுங்கில்லாத கருநீலப் பட்டை வரும். இதற்காக 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் காகிதத்தில் கறுப்பு போஸ்டர் கலரைப் பட்டைத் தூரிகையால் பூசி, காய்ந்ததும் ஸ்கேன் செய்தேன். அதன் நடுவில் சாம்பல் படத்தை வைத்தேன். தூரிகைக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன, அவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.

இனி கர்வ்ஸ். முதலில் எல்லாச் சேனலுக்கும் சேர்த்து ஒரு லேசான இழுப்பு. 225க்கு மேல் எல்லாம் வெள்ளை, 30க்குக் கீழ் எல்லாம் அடர்த்தி. அசலில் மிக மெல்லிய நீலம் அலசும்போதே தண்ணீரோடு போய்விடும், நிழல்களின் நுணுக்கமும் மூடிக்கொள்ளும். இந்தக் குறை இல்லாவிட்டால் நீலம் சரியாக இருந்தாலும் கண் நம்பாது. அப்புறம் படத்தை RGBக்கு மாற்றிக்கொண்டு, Colors → Curvesஇல் மூன்று சேனலுக்கும் மூன்று புள்ளிகள், அம்புக்குறிக்கு இடதில் பழைய அளவு, வலதில் புது அளவு:

```
R   0→12   128→78    255→243
G   0→42   128→124   255→238
B   0→84   128→168   255→224
```

நடுப்புள்ளியைப் பாருங்கள். சிவப்பு நன்றாகத் தொங்குகிறது, நீலம் மேலே எழும்பி நிற்கிறது, பச்சை நடுவில். வெள்ளை முனையில் நீலம் மட்டும் 224க்குக் குறைந்திருப்பதால் காகிதத்துக்கு லேசான பழுப்பு ஏறுகிறது. இந்த எண்கள் வேதவாக்கு இல்லை, என் கண்ணுக்குப் பிடித்தவை. 42ஐ 20க்கு இறக்கிப் பார்த்தேன், உடனே ஊதா தலைகாட்டியது.

கடைசியாகத்தான் காகித டெக்ஸ்சர், கர்வ்ஸுக்கு மேலே, கீழே உள்ளதைக் கருக்க மட்டுமே செய்யும் Multiply மோடில். கீழே வைத்துவிட்டு மேலே கர்வ்ஸ் போட்டால் ஒவ்வொரு நாரின் நிழலும் நீலமாகிவிடும். பூசாத தாளை ஸ்கேன் செய்து சாம்பலாக்கினேன், காகித நிறத்தைக் கர்வ்ஸே கொடுத்துவிட்டதால் மறுபடி நிறம் தேவையில்லை. ஸ்கேனின் சராசரி 205இல் இருந்தது. அப்படியே வைத்தால் 243 இருந்த வெள்ளை 195க்கு விழுந்து படம் முழுக்க அழுக்கேறும். Levelsஇல் வலது முக்கோணத்தை உள்ளே தள்ளி 240 அளவுக்குக் கொண்டுவந்தேன். 300 டிபிஐயில் ஏ4 தாள் 2480×3508 பிக்சல்தான், அதனால் 12×16 ஆசையை விட்டுவிட்டு 8×10 ஆக்கிக்கொண்டேன். நார் நார் அளவிலேயே இருந்தது. நான்கு படத்துக்கு நான்கு தாள்.

இப்போதும் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் இன்க்ஜெட் புள்ளிகள் தெரியும். அசல் என்று சொல்லி யாராவது விற்றால் அங்கேதான் முதலில் பார்ப்பேன். அசலில் புள்ளி இருக்காது, நீலம் நாருக்குள்ளேயே ஊறியிருக்கும். தங்கையிடம் "இது கம்ப்யூட்டர் வேலைதான்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவளுக்கு அப்பத்தா தெளிவாகத் தெரிந்ததுதான் பெரிதாக இருந்தது.

அந்தத் தம்பியின் பக்கத்தை நேற்று எட்டிப் பார்த்தேன். புதிதாக ஒரு கல்யாண ஜோடியின் படம், "கைவினைக் காகிதத்தில்" என்று போட்டு. வலது மேல் மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே கேள்விக்குறி முடி.